எட்டுத் தட்டு, ஏழு பங்கு

பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த எங்கள் அலுவலகத்தில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டீம் லஞ்ச். டீமில் ஒன்பது பேர். அந்த மாதம் ஒருவர் முந்தின நாள் மாலையே வரவில்லை என்று சொல்லிவிட்டார். இன்னொருவர் காலையில் காய்ச்சல் என்று லீவ் போட்டார். மிச்சம் ஏழு பேர் கிளம்பினோம். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்களோடு வேலை பார்த்துவிட்டுப் பெங்களூருக்கு மாற்றலாகிப் போன தோழி ஒரு பயிற்சிக்காகச் சென்னை வந்திருந்தார். அவரையும் எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டோம். ஆக எட்டுத் தட்டு.

சாப்பிட்டு முடித்ததும் பில் வந்தது. ரூ.5,670. நான் கார்டைக் கொடுத்தேன். "ஆளுக்கு எவ்வளவுப்பா?" என்று ஒருவர் கேட்டார். "எட்டால வகுத்தா 708 ரூபா 75 காசு. 709 அனுப்பிடுங்க" என்று இன்னொருவர் போனில் தட்டிச் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஆறு பேரிடமிருந்து 709 வந்துவிட்டது. மொத்தம் ரூ.4,254. என் கையிலிருந்து போனது ரூ.1,416, அதாவது என் பங்கைப் போல இரண்டு மடங்கு. விருந்தாளியின் பங்கு யார் கணக்கிலும் ஏறாமல் கார்டு வைத்திருந்தவரின் தலையில் விழுந்திருந்தது. தொகையை வகுக்கும்போது அவரை எண்ணினோம், வசூலிக்கும்போது எண்ணவில்லை.

டீம் லஞ்சில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒருவர் பணம் இழந்திருப்பார், அதைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிடுவார். அன்று வீட்டுக்குப் போய் பில்லை எடுத்து வரிவரியாகப் பார்த்தபோது, அந்த 709க்குள் இன்னொரு தவறும் இருப்பது தெரிந்தது. ரூ.520 கூட வராத சாப்பாட்டுக்கு மூன்று பேர் 709 கொடுத்திருந்தார்கள். அவர்கள் வெஜ் பிரியாணி சாப்பிட்டவர்கள்.

இரண்டையும் சரி செய்ய ஐந்து நிமிடமும் போனில் உள்ள கால்குலேட்டரும் போதும். அந்தப் பில்லையே எடுத்துக்கொண்டு போட்டுப் பார்க்கலாம்.

எல்லாருக்கும் பொதுவாக வந்தவை: கோபி 65 மூன்று பிளேட் ரூ.600, லைம் சோடா எட்டு ரூ.560, தண்ணீர் பாட்டில் நான்கு ரூ.120, ஐஸ்கிரீம் எட்டு ரூ.720. கூட்டினால் ரூ.2,000. சைவம் சாப்பிட்ட மூவருக்கு வந்தவை: வெஜ் பிரியாணி மூன்று ரூ.660, பன்னீர் பட்டர் மசாலா ஒன்று ரூ.240. கூட்டினால் ரூ.900. அசைவம் சாப்பிட்ட ஐவருக்கு (விருந்தாளியும் இதில்தான்) மட்டன் பிரியாணி ஐந்து ரூ.1,900, சிக்கன் 65 இரண்டு பிளேட் ரூ.560, வஞ்சிரம் வறுவல் இரண்டு ரூ.640. கூட்டினால் ரூ.3,100. ஆக உணவின் விலை ரூ.6,000. அதில் ஓட்டல் பத்து சதவீதம் தள்ளுபடி தந்தது, ரூ.600 குறைந்து ரூ.5,400. அதன் மேல் ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி ரூ.270. கொடுக்க வேண்டியது ரூ.5,670.

இப்படிப் பிரித்து எழுதும்போதே ஒரு விஷயம் கண்ணில் படும். சைவ உணவு மேஜையில் உள்ள எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிறது. அசைவ உணவு ஒருபோதும் எல்லாருக்கும் பொதுவாவதில்லை. கோபி 65 வந்தால் எட்டுக் கையும் நீளும், சிக்கன் 65 வந்தால் ஐந்து கைதான். சைவர்களின் உணவைப் பாதி அசைவர்கள் சாப்பிட்டுவிட, அசைவர்களின் உணவுக்குப் பாதிப் பணத்தைச் சைவர்கள் கொடுக்கிறார்கள். சம பங்கில் சைவம் சாப்பிடுகிறவர் இப்படி இரண்டு பக்கமும் இழக்கிறார். கோபி வந்த இரண்டாவது நிமிடம் பிளேட் காலியாகிவிட, மூலையில் உட்கார்ந்திருந்த சைவ சகாவுக்கு இரண்டு துண்டுதான் கிடைத்தது என்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே சைவ ஸ்டார்ட்டரை மேஜையிலுள்ள மொத்தத் தலைகளுக்குக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். சைவர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் சொன்னால் போதாது. அதில் ஒரு பிளேட்டை அவர்கள் பக்கமாக வைக்கச் சொல்வது இன்னும் நல்லது. பலருக்குக் கரண்டி மாறிவிடுமோ என்ற கவலையும் இருக்கும்.

பிரிக்கும்போது ஆளைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது, தட்டைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். எங்கள் மூவரில் இருவர் எப்போதும் சைவம். மூன்றாமவர் மற்ற மாதங்களில் மட்டன் இல்லாமல் சாப்பிடாதவர், அது புரட்டாசி மாதம். இன்னொருவர் வெள்ளி, செவ்வாய் மட்டும் சைவம் என்பார். வேறொருவர் கறி சாப்பிடுவார், மீன் ஒத்துக்கொள்ளாது. 'அவர் நான்-வெஜ்' என்று போன மாதப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டால் தவறாகிவிடும். எழுந்து போவதற்கு முன்பே, அன்று யார் எதைச் சாப்பிட்டார் என்பதைப் பில்லின் ஓரத்தில் குறித்துக்கொள்வதுதான் சரி.

இனி கணக்கு. பொதுவானது ரூ.2,000, எட்டுப் பேருக்கு, தலைக்கு ரூ.250. சைவம் ரூ.900, மூவருக்கு, தலைக்கு ரூ.300. அசைவம் ரூ.3,100, ஐவருக்கு, தலைக்கு ரூ.620. ஆக சைவம் சாப்பிட்டவரின் உணவு விலை 250ம் 300ம் சேர்ந்து ரூ.550. அசைவம் சாப்பிட்டவருக்கு 250ம் 620ம் சேர்ந்து ரூ.870.

தள்ளுபடியும் வரியும் மிச்சம் இருக்கின்றன. பலர் இங்கேதான் தடுமாறுவார்கள். வரியை எட்டால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று சேர்ப்பார்கள், தள்ளுபடியை யாருக்குத் தருவது என்று யோசிப்பார்கள். வரி தலையைப் பார்த்து வருவதில்லை, விலையைப் பார்த்து வருகிறது. 870 ரூபாய்க்குச் சாப்பிட்டவரால் வந்த வரி 550 ரூபாய்க்குச் சாப்பிட்டவரால் வந்ததைவிடக் கூடுதல். தள்ளுபடியும் அப்படித்தான். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கடைசியில் கொடுத்த தொகையை உணவு விலையின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரே ஒரு எண் கிடைக்கும்.

5,670 ÷ 6,000 = 0.945

தள்ளுபடி, வரி, ஓட்டல்காரர் பில்லின் கடைசியில் முழு ரூபாயாக்கியது, எல்லாம் இந்த எண்ணுக்குள் அடங்கிவிட்டன. ஒவ்வொருவரின் உணவு விலையையும் இதனால் பெருக்கினால் போதும். சைவம்: 550 × 0.945 = ரூ.519.75. அசைவம்: 870 × 0.945 = ரூ.822.15. மூன்று சைவத் தட்டுகளும் ஐந்து அசைவத் தட்டுகளும் சேர்ந்தால் 1,559.25ம் 4,110.75ம், அதாவது ரூ.5,670. ஒரு ரூபாய்கூடத் தப்பவில்லை.

இந்த ஒற்றை எண் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. பில்லில் உள்ள எல்லா உணவுக்கும் ஒரே வரி, ஒரே தள்ளுபடி இருக்க வேண்டும். சாதாரண ரெஸ்டாரண்டில் 2017 நவம்பர் 15 முதல் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐந்து சதவீதம்தான். பில்லில் மத்திய அரசுக்கு இரண்டரை, மாநில அரசுக்கு இரண்டரை என்று இரண்டு வரியாகப் போட்டிருப்பார்கள். பெரிய நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டில் 18 சதவீதம் வரலாம், ஆனாலும் எல்லா உணவுக்கும் ஒரே விகிதமாக இருக்கும்வரை முறை மாறாது. 'பானங்களுக்குத் தள்ளுபடி இல்லை' என்பது போன்ற சலுகை வந்தால் மட்டும் பானங்களையும் உணவையும் இரண்டு கூட்டலாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது விருந்தாளிக்கு வருவோம். அவர் தட்டின் விலை ரூ.822.15. இதை யார் கொடுப்பது என்பதற்கு முன்பு, அவர் யாருடைய விருந்தாளி என்று கேட்க வேண்டும். ஒருவர் தன் தம்பியையோ கல்லூரி நண்பரையோ 'நானும் கூட்டிட்டு வரேன்' என்று அழைத்து வந்திருந்தால் அந்தத் தட்டு அவர் கணக்கு. டீம் அதைச் சுமக்கத் தேவையில்லை. கம்பெனி சார்பில் வந்த வாடிக்கையாளராக இருந்தால் பெரும்பாலான அலுவலகங்களில் பில்லைக் கொடுத்துத் திரும்பப் பெற வழி இருக்கும். அது இருக்கிறதா என்று மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, கிடைக்கும் என்றால் அந்தத் தட்டைக் கணக்கிலிருந்து முழுதாக எடுத்துவிடலாம். எங்கள் தோழி இந்த இரண்டிலும் சேரவில்லை. எல்லாரும் விரும்பிக் கூப்பிட்டவர். அப்படியானால் கூப்பிட்ட ஏழு பேரும்தான் தர வேண்டும்.

எப்படித் தருவது? இங்கே இரண்டு கருத்து உண்டு. அதிகம் சாப்பிட்டவர் விருந்தாளிக்கும் அதிகம் தரட்டும், குறைவாகச் சாப்பிட்டவர் குறைவாகத் தரட்டும் என்பது ஒன்று. அப்படிப் போட்டால் சைவம் சாப்பிட்டவர் மொத்தம் ஏறக்குறைய ரூ.608ம், அசைவம் சாப்பிட்டவர் ரூ.962ம் கொடுப்பார்கள். ஏழு பேரும் சமமாகத் தரட்டும் என்பது இன்னொன்று. 822.15ஐ ஏழால் வகுத்தால் தலைக்கு ரூ.117.45. சைவம் 519.75ம் 117.45ம் சேர்ந்து ரூ.637.20. அசைவம் 822.15ம் 117.45ம் சேர்ந்து ரூ.939.60.

எனக்கு இரண்டாவதுதான் சரி. என் தட்டில் இருந்ததற்கு நான் கொடுப்பது சாப்பாட்டுக் கணக்கு. விருந்தாளி தட்டில் இருந்ததற்குக் கொடுப்பது அழைத்த கணக்கு. நான் வெஜ் பிரியாணி சாப்பிட்டேன் என்பதால் அவரை அழைத்ததில் என் பங்கு குறைந்துவிடுவதில்லை. இந்த முறையில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. எல்லார் மேலும் ஒரே தொகை ஏறுவதால், யார் என்ன சாப்பிட்டார் என்ற வித்தியாசத்தை விருந்தாளியின் வரவு கூட்டவோ குறைக்கவோ செய்வதில்லை. அவர் வராத மாதத்தில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் எவ்வளவு இடைவெளி இருக்குமோ, வந்த மாதத்திலும் அதே இடைவெளிதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலருக்கு இது பணக் கணக்கு இல்லை. மாமிசத்துக்குத் தன் காசு போகக் கூடாது என்பது கொள்கை. அப்படி ஒருவர் சொன்னால் வாதம் செய்யக் கூடாது. விருந்தாளி தட்டில் பொதுவான உணவுக்கு மட்டும் 250 × 0.945 = ரூ.236.25 வருகிறது. சைவம் சாப்பிட்ட மூவரும் அதைத் தலைக்கு ரூ.78.75 என்று ஏற்றுக்கொள்ளட்டும். அவரது பிரியாணியும் மீனும் அசைவம் சாப்பிட்ட நால்வரைச் சேரட்டும், தலைக்கு ஏறக்குறைய ரூ.146.50. வித்தியாசம் முப்பது ரூபாய்க்குள்தான். அந்த முப்பது ரூபாயில் ஒருவரின் மனம் நிம்மதியாகும் என்றால் அதைச் செய்துவிடலாம்.

'இதெல்லாம் எதுக்கு, சமமா போட்டுட்டுப் போயிடலாமே' என்று சொல்பவர் ஒவ்வொரு டீமிலும் இருப்பார். பெரும்பாலும் அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். அவரிடம் கணக்கைக் காட்டுவது நல்லது. அன்றைய பில்லை ஏழு பேருக்குச் சமமாக வகுத்தால் தலைக்கு ரூ.810. சைவம் சாப்பிட்டவர் கொடுக்க வேண்டியது ரூ.637.20. கூடுதலாகப் போவது ரூ.172.80. இதே மாதிரி மாதம் ஒரு லஞ்ச் என்றால் வருடத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல், ஒரே ஆளிடமிருந்து, ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் போகிறது. ஒரு முறை கூட, ஒரு முறை குறைய என்று மாறி மாறி வந்தால் 'போகட்டும்' என்று விடலாம். சைவம் சாப்பிடுகிறவருக்கு அது மாறி வருவதே இல்லை. அவர் வாய் திறந்து கேட்கவும் மாட்டார். கேட்டால் அற்பமாகப் பார்ப்பார்களோ என்ற பயம். எங்கள் டீமில் வயதில் மூத்த அக்கா ஒருவர் நான்கு வருடம் அப்படிக் கொடுத்திருக்கிறார். பிறகு நான் கணக்கைக் காட்டியபோது, "தெரியும்ப்பா. எப்படிக் கேக்கறதுன்னுதான் விட்டுட்டேன்" என்றார்.

சம பங்கு ஆர்டரையும் மாற்றிவிடுகிறது. யூரி நீஸி என்ற பொருளாதார ஆய்வாளரும் இருவரும் சேர்ந்து இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஓர் உணவகத்தில் இதைச் சோதித்து, 2004இல் வெளியிட்டார்கள். முன்பின் அறியாத மாணவர்களை ஆறு ஆறு பேராக உட்கார வைத்தார்கள். அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுக்க வேண்டும் என்று சொன்ன மேஜைகளில் தலைக்குச் சராசரியாக 37 ஷெக்கலுக்குச் சாப்பிட்டார்கள். பில்லைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று சொன்ன மேஜைகளில் அது 51 ஷெக்கலாக ஏறியது. முன்கூட்டிக் கேட்டபோது பெரும்பாலோர் அவரவர் கொடுக்கும் முறையையே விரும்பியிருந்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு குறிப்பிடுகிறது.

காரணம் எளிது. எட்டுப் பேர் மேஜையில் நான் 320 ரூபாய் வஞ்சிரம் ஒன்று கூடுதலாகச் சொன்னால் என் கையிலிருந்து போவது நாற்பது ரூபாய். நாற்பது ரூபாய்க்கு வஞ்சிரம் வேண்டாம் என்று யார் சொல்வார்? எட்டுப் பேரும் அப்படி நினைத்தால் பில் வீங்கிவிடும். அலுவலகத்தில் தினமும் முகம் பார்க்கிறவர்கள் என்பதால் இது கொஞ்சம் கட்டுப்படும், அவ்வளவுதான். சிலருக்கு இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பர்ஸ் இறுகியிருக்கும் மாதத்தில் வெறும் தயிர் சாதம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார் புதிதாகச் சேர்ந்த இளைஞர். அவரிடமும் 810 கேட்டால் அடுத்த மாதம் அவருக்கு 'வேற வேலை' வந்துவிடும்.

சாப்பிட வராதவர்கள் விஷயத்தில் நான் பார்ப்பது ஒன்றைத்தான். அவர் வரவில்லை என்று சொல்வதற்கு முன்பு அவர் பெயரில் ஏதாவது செலவு உறுதியாகிவிட்டதா? மெனு பார்த்து ஆர்டர் கொடுக்கும் இடத்தில் அப்படி எதுவும் இல்லை. எங்கள் டீமில் முந்தின நாள் சொன்னவரும் காலையில் சொன்னவரும் ஒன்றுதான், இருவருக்கும் பங்கு இல்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்து காலையிலேயே போன் செய்து பிரியாணி சொல்லி வைத்திருந்தால் கதை வேறு. சொன்ன பிறகு ஒருவர் விலகினால் அந்தப் பிரியாணி அவருடையது, பார்சல் கட்டி வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொள்ளலாம். வேறு யாராவது வீட்டுக்கு எடுத்துப் போனால் அவர் கொடுக்கட்டும். அதற்கும் அதே 0.945தான்.

புஃபே என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே பல இடங்களில் இத்தனை பேர் என்று உறுதி சொல்லி முன்பணம் கட்டச் சொல்வார்கள். குறைந்தால் திரும்பத் தர மாட்டார்கள். அதனால் எண்ணிக்கையை ஓட்டலுக்குச் சொல்வதற்கு முன்பு டீமுக்கு ஒரு நேரத்தைக் குறித்துவிட வேண்டும். 'வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்கு நம்பர் கொடுக்கிறேன். அதுக்கப்புறம் மாறினா தட்டுக் காசு அவங்க பொறுப்பு' என்று முன்னால் சொல்லியிருந்தால்தான் பிறகு கேட்க முடியும். சொல்லாமல் வைத்துக்கொண்டு காய்ச்சலில் படுத்திருப்பவரிடம் கேட்பது நியாயமில்லை. அந்த நிலையில் வந்தவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். புஃபேயில் சைவ விலை, அசைவ விலை என்று இரண்டு விலை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் பலகையில் ஒரு விலைதான் எழுதியிருப்பார்கள், கேட்டால் சைவத்துக்குக் குறைப்பார்கள்.

வந்து உட்கார்ந்து சாப்பிடாதவர் மூன்றாவது வகை. ஏகாதசி விரதம், ரம்ஜான் நோன்பு, வயிறு சரியில்லை, எதுவாகவும் இருக்கலாம். எல்லாரோடும் பேசிக்கொண்டிருக்க வந்திருப்பார், அதிகபட்சம் ஒரு லைம் சோடா குடித்திருப்பார். அவரைப் பொதுக் கணக்கில் எண்ணக் கூடாது. சோடாவுக்கு மட்டும் 70 × 0.945, சுமார் ரூ.66. விருந்தாளியின் பங்கில் அவரைச் சேர்ப்பதா? அழைத்தவர்களில் அவரும் ஒருவர், மேஜையில் இருந்து வரவேற்றவர். அவரே விரும்பினால் சேர்க்கலாம், நாமாகப் போடக் கூடாது. விடைபெறும் விருந்து என்றால் மட்டும் முறை மாறுகிறது. ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது தருவது டீம் தரும் பரிசு. அங்கே அவரது தட்டுக்கு வராதவர்களும் பங்கு கொடுப்பதுதான் வழக்கம், அதுவே முறையும்.

கணக்குக்கு முன்பு பில்லையே சரிபார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேர் மேஜையில் ஒரு நானோ ஒரு பாட்டில் தண்ணீரோ கூடுதலாக ஏறுவது சாதாரணம். வேண்டுமென்றே செய்ததாக இருக்காது, இரண்டு சர்வர்கள் ஒரே ஆர்டரைப் பதிந்திருப்பார்கள். தட்டுகளையும் பாட்டில்களையும் எடுத்துப் போவதற்கு முன்பு எண்ணினால் தெரிந்துவிடும். சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வரி கிடையாது, ஓட்டல் தானாகப் போடுவது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஓட்டல்கள் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. அதை எதிர்த்து உணவக சங்கங்கள் தொடுத்த வழக்கை 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது பரிமாறியவர் கையில் நேராகக் கொடுப்பது என் வழக்கம். அந்த டிப்ஸ் தலைக்குச் சமம். பரிமாறியவருக்குச் சைவத் தட்டும் அசைவத் தட்டும் ஒரே சுமைதான்.

தள்ளுபடியிலும் ஒரு பிரச்சினை வரும். ஒருவரின் கார்டுக்கு உடனடித் தள்ளுபடி கிடைத்து அது பில் தொகையையே குறைத்தால் அது மேஜைக்குச் சொந்தம். பிறகு அவர் கணக்கில் ஏறும் கேஷ்பேக்கும் புள்ளிகளும் அவருக்கே இருக்கட்டும். எல்லாருக்காகவும் ஆயிரக்கணக்கில் முன்பணம் போட்டு, தரும்வரை காத்திருப்பவர் அவர்தானே.

வசூலை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். பில்லை மேஜையிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள். ஓட்டல் பில்கள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாளில் வருபவை, சட்டைப் பையில் சில நாள் கிடந்தாலே எழுத்து மங்கிவிடும். குழுவில் அந்தப் போட்டோவோடு ஒவ்வொருவரின் தொகையையும் போடும்போது எப்படி வந்தது என்பதையும் இரண்டு வரியில் எழுதினால் கேள்வியே வராது. Splitwise போன்ற செயலிகளும் உதவும். ஆனால் அவற்றில் பொத்தானை அமுக்கியதும் முதலில் வருவது சம பங்குதான். சமமில்லாத பங்கைத் தேர்ந்தெடுத்து, விருந்தாளியைப் பட்டியலில் சேர்க்காமல் நாம்தான் தொகையைப் போட வேண்டும்.

தொகையை முழு எண்ணாக்கும்போது மேல் பக்கமாக ஆக்குங்கள். 637.20ஐ 640 என்றும் 939.60ஐ 940 என்றும் வைத்தால் மூன்று 640ம் நான்கு 940ம் சேர்ந்து ரூ.5,680. பத்து ரூபாய் மிஞ்சும், கட்டியவரின் கை கடிக்காது. அனுப்புவதற்கு முன்பு எல்லாப் பங்கையும் கூட்டிப் பில்லோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கூட்டல் பில்லைவிடக் குறைந்தால் ஒரு உணவு யார் கணக்கிலும் ஏறவில்லை, அல்லது அன்று எங்களுக்கு நடந்ததுபோல ஓர் ஆளே விடுபட்டிருக்கிறார். ஒரு தட்டின் விலை அளவுக்குத் துண்டு விழுந்தால் அது விருந்தாளியின் தட்டுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மறுநாள் நான் ஏழு பேருக்கும் திருத்திய கணக்கை அனுப்பினேன். சைவம் சாப்பிட்ட மூவருக்கும் ஆளுக்கு 69 ரூபாய் திருப்பி அனுப்பினேன். அசைவம் சாப்பிட்ட மற்ற மூவரிடம் ஆளுக்கு 231 ரூபாய் கூடுதலாகக் கேட்டேன். இருவர் உடனே அனுப்பினார்கள். மூன்றாமவர் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "கோபி 65 பொதுவுலதானே இருக்கு?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு அனுப்பினார்.

இந்தக் கணக்கைப் போட்ட குழுவில் பெங்களூர்த் தோழி இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டேன். விருந்தாளியின் தட்டு என்ன விலை என்பது அவர் கண்ணில் படவே கூடாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை லிப்டுக்குக் காத்திருந்தபோது அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "அக்கா, என் பங்கு எவ்வளவு? இப்பவே போட்டுடறேன்" என்று கேட்டிருந்தார். நான்கு வருடம் கூடுதலாகக் கொடுத்துவந்த அந்த அக்காதான் அவர் போனைக் கையால் மூடி, "நாங்க பெங்களூரு வரும்போது நீ கூட்டிட்டுப் போ. எனக்கு மட்டும் சைவம்" என்றார்.